வராத ஆளுக்கு ஏழு வரி

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் ஓர் அரிசி ஆலை. பெயர் வேண்டாம். நாளைக்கு அந்த மூட்டையை வாங்கி உலை வைக்கும்போது இந்தக் கதை ஞாபகம் வந்து சோறு இறங்காமல் போனால் அந்தப் பாவம் யாருக்கு? அந்த ஆலையில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்ப்பவர் மங்களாம்பிகை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். டெலிபோன் எடுத்தார். கேன்டீன் கணக்கு பார்த்தார். ஊழியர்களை ஏற்றி வரும் வேனுக்கு வழி போட்டுக் கொடுத்தார். ஒருநாள் ஆடிட்டர் வந்து, இவ்வளவு பெரிய கம்பெனியில் மனிதவளத் துறை இல்லாமல் இருப்பது நன்றாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் மங்களாம்பிகையின் மேஜையில் 'மனிதவள மேலாளர்' என்று ஒரு பலகை வந்து உட்கார்ந்தது. மேஜை அதேதான், நாற்காலியும் அதேதான். கேன்டீனும் வேனும் அவரை விட்டுப் போகவில்லை. பலகை மட்டும் கூடுதல்.

தை பிறந்து இரண்டு வாரம். சம்பா அறுவடை முழு வேகத்தில் இருந்த நேரம். இந்தச் சமயத்தில் ஆலையின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரெத்தினத்துக்கு குவைத் விசா வந்துவிட்டது. பிப்ரவரி பத்தாம் தேதி விமானம். ஆய்வகம் என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு ஏசி அறை, ஈரப்பதம் பார்க்கும் மீட்டர், தராசு, ஒரு ஜன்னல். விவசாயி பையில் மாதிரி நெல் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டுவார். மீட்டர் ஒரு எண் காட்டும். அந்த எண்ணை வைத்துத்தான் வாங்குவதா வேண்டாமா, என்ன விலை என்பதெல்லாம். ஆக, ஜன்னலுக்கு உள்ளே யார் உட்காருகிறார் என்பது ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு மிக முக்கியம். முதலாளி குணசேகரனுக்கு அதைவிட முக்கியம்.

விண்ணப்பங்களைப் பார்த்து மங்களாம்பிகை ஒருவரை எடுத்து வைத்தார். சூர்யபிரகாஷ், ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமம், பி.எஸ்ஸி. வேதியியல். ஓசூரில் ஒரு மாவு மில்லில் ஒரு வருடம் இதே வேலை. அப்பா குத்தகைக்கு நிலம் வாங்கி நெல் போடுபவர். போன வருடம் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனதால் பையன் ஊருக்குத் திரும்பிவிட்டான். வீட்டிலிருந்து போய் வருகிற மாதிரி வேலை வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தான். சுற்றுவட்டத்தில் அப்படிப்பட்ட வேலை இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேர்காணல். மாடியறையில் குணசேகரன், உற்பத்தி மேலாளர் ஜெய்னுலாபுதீன், மங்களாம்பிகை மூவரும் உட்கார்ந்தார்கள். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. டீ வந்தது, டீ போயிற்று. பதினொரு மணிக்கு மங்களாம்பிகை போன் செய்தார். சுவிட்ச் ஆஃப். பதினொன்று நாற்பதுக்கு மறுபடி. அதே பதில். குணசேகரன் அன்றைக்குக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். போயிருந்தால் சாப்பாட்டுக்கே போயிருப்பார், மொய்யை ஏற்கனவே அனுப்பிவிட்டார். ஆனாலும் இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்கு விட்டுப்போன பாயசம்தான் பெரிதாகத் தெரியும்.

"பேர அடிச்சிடுங்க மங்களா," என்றார். "வரலன்னா ஒரு போன் பண்ணக்கூட தெரியாதவன் நாளைக்கு என் நெல்ல பாத்து என்ன எழுதுவான்? நம்ம மேலவீதி சித்தப்பா மகன வரச் சொல்லுங்க."

மேலவீதி சித்தப்பா என்பவர் முதலாளியின் மனைவிக்கு உறவு. அவர் மகன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன். நெல்லுக்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு, சாப்பிடுவான் என்பதோடு சரி.

மங்களாம்பிகை ஒரு நாள் அவகாசம் கேட்டார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு வரை. ஜெய்னுலாபுதீன் எப்போதும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பேசுபவர், அவரும் ஒத்து ஊதினார். ஓசூரில் ஒரு வருடம் மீட்டர் பிடித்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு நாளில் என்ன குடிமுழுகிப் போகிறது என்றார். குணசேகரன் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, சரி, பன்னிரண்டு, பன்னிரண்டு அஞ்சுக்கு சித்தப்பாவுக்குப் போன் போகும் என்றார். பிறகு, அனுப்பப்போகும் செய்தியை நானே சொல்கிறேன் என்று எழுந்து நின்றுகொண்டார். 'குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், எவ்வித முன்னறிவிப்புமின்றி ஆஜராகத் தவறிய தாங்கள், ஏன் ஆஜராகவில்லை என்பதற்கான தக்க விளக்கத்தை…' வக்கீல் நோட்டீஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த நடை தானாக வந்துவிடும்.

மங்களாம்பிகை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கீழே வந்து எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார்.

வராதவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வந்தவர்களைப் பற்றித் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் வராமல் இருந்திருக்கிறார்கள். வேறு வேலை கிடைத்து, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைந்தவர்கள் பாதி. அறுவடை மெஷின் திடீரென்று தெருவுக்கு வந்துவிட்டதால் வயலுக்கு ஓடியவர்கள் உண்டு. அன்றைக்கு விட்டால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும், நேர்காணல் எங்கே போகப் போகிறது? பங்காளி வீட்டில் சாவு விழுந்து, பாடை தூக்கப் போனவர் ஒருவர். பஸ் ஏறி, ஆலை வாசல் வரை வந்து, கட்டடத்தின் உயரத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவரும் உண்டு. அவரே பிற்பாடு சொன்னது. 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் இவர்கள் அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: காய்ச்சல். அதனால் மங்களாம்பிகை 'ஏன்' என்ற வார்த்தையைச் செய்தியில் போடுவதில்லை.

விண்ணப்பத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது, அப்பாவுடையது. அதற்கும் போன் செய்யலாமே என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு யோசனை வந்தது. மங்களாம்பிகை மறுத்துவிட்டார். இடுப்பு ஆபரேஷன் ஆன மனிதரிடம் உங்கள் மகன் வரவில்லை என்று சொன்னால், மகன் வீட்டுக்குள் போவதற்குள் அங்கே தனியாக ஒரு நேர்காணல் ஏற்பாடாகிவிடும். சேதி அவனுக்கு, அவன் எண்ணுக்கு மட்டும். இப்படி எழுதினார்:

'வணக்கம் சூர்யபிரகாஷ்.
இன்று காலை 10.30 மணிக்கு ஆய்வகப் பணிக்கான நேர்காணலுக்கு உங்களை எதிர்பார்த்திருந்தோம்.
11 மணிக்கும் 11.40க்கும் அழைத்தோம், இணைப்பு கிடைக்கவில்லை.
எதிர்பாராத தடங்கல் ஏதாவது வந்திருக்கலாம்.
இந்த வேலையில் இன்னும் விருப்பம் இருந்தால் நாளை வெள்ளி பகல் 12 மணிக்குள் இதே எண்ணுக்கு ஒரு வரி அனுப்புங்கள், வேறு நேரம் தர முடியுமா என்று பார்க்கிறோம்.
விருப்பம் இல்லையென்றாலும் தெரிவிக்கலாம், அதில் வருத்தம் இல்லை.
மங்களாம்பிகை, மனிதவளம்.'

ஏழு வரி. முதலாளியிடம் காட்டாமல் எதையும் அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. குணசேகரன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். ஆறாவது வரியில் நின்றார்.

"வருத்தம் இல்லைன்னு எப்படிப் போட்டீங்க? எனக்கு வருத்தம் இருக்கே."

"உங்க பேர போடல சார். என் பேருதான் போட்டிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையாட்டினார். பிற்பகல் மூன்றரைக்குச் செய்தி போயிற்று. ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது.

மாலை ஏழு மணிக்கு மங்களாம்பிகை வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்டதைக் கழுவிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கையைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

'மேடம் வணக்கம். நான் காலை 9.50க்கே வந்துவிட்டேன். டோக்கன் எண் 47. மூன்று மணிக்கு இன்று இவ்வளவுதான், இதே டோக்கன் நாளைக்குச் செல்லும் என்று சொன்னார்கள். நாளை காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். நன்றி.' கூடவே ஒரு படம். உள்ளங்கையில் மஞ்சள் நிறச் சீட்டு, அதில் ஆலையின் முத்திரை, 47.

கணவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் மங்களாம்பிகை. அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

ஆலை வாசலில் உள்ள நடைமுறை இது. பார்வையாளர் யாராவது வருவதாக இருந்தால் முந்தின நாளே மனிதவளத் துறையிலிருந்து கேட்டுக்கு ஒரு பட்டியல் போக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் மாடிக்கு விடுவார்கள். பட்டியலில் இல்லாமல் கையில் பையோடு வருகிறவர், இந்தச் சீசனில், நெல் கொண்டுவந்த விவசாயி. அவருக்கு டோக்கன். புதன்கிழமை மங்களாம்பிகை பட்டியலைத் தட்டச்சு செய்தார், அச்செடுத்தார். அந்த நேரத்தில் கேன்டீன் லத்தீஃபா வந்து மறுநாள் காய்கறிக்கு என்ன என்று கேட்டார். கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் மங்களாம்பிகை எழுதிக் கொடுத்தார்: கத்தரிக்காய் மூன்று கிலோ, முருங்கை, தக்காளி. சூர்யபிரகாஷின் பெயர் கத்தரிக்காயோடு சேர்ந்து சந்தைக்குப் போய்விட்டது.

அது தெரிந்த பிறகு ராத்திரிச் சாப்பாடு எப்படி இறங்கும்? எளிய வழி ஒன்று இருந்தது. பையனுக்குத் திடீர்க் காய்ச்சல், வரமுடியவில்லை, நாளைக்கு வருகிறான் என்று முதலாளியிடம் சொல்லிவிடலாம். பையனிடமும் அப்படியே சொல்லச் சொல்லலாம். வேலை வேண்டியவன், சொல்வான். பத்தொன்பது வருடமாக 'மங்களா சொன்னா சரியா இருக்கும்' என்ற பெயரும் அப்படியே இருக்கும். மங்களாம்பிகை இதை யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அவரே என்னைப் பார்த்துச் சிரிப்பார். தோசைக்கல் காய்ந்து புகைகிற வரை யோசித்தார். பிறகு அவனுக்கு ஒரு வரி போட்டார்: 'நாளை வாசலில் நானே நிற்பேன்.'

வெள்ளிக்கிழமை எட்டேமுக்காலுக்கு வாசலில் நின்றபோது, சாமிதுரை எழுந்து நின்றார். அவர் கேட் காவலர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அங்கிருந்து கொண்டுவந்தது மீசையும் விதிமுறையும்.

"நேத்து ஒரு பையனுக்கு டோக்கன் குடுத்தீங்களா, நாப்பத்தேழு?"

"குடுத்தேன் மேடம். ஆபீஸ்ல வரச் சொன்னாங்கன்னான். வர்ற அத்தன பேரும் அதத்தான் சொல்றான். லிஸ்ட் வரல, கையில பை இருந்துச்சு. பை இருந்தா டோக்கன். ரூலு தப்புங்கறீங்களா?"

ரூல் சரிதான் என்றார் மங்களாம்பிகை. சாமிதுரை குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். முந்தின நாள் மத்தியானம் ஆய்வக ஜன்னலில் ஒரு சலசலப்பு. முப்பத்தெட்டாம் டோக்கன்காரரின் நெல்லுக்கு மீட்டர் பத்தொன்பது காட்டிவிட்டது. பதினேழுக்கு மேல் போனால் எடுப்பதில்லை. அப்போது எழுந்து போய்ப் பேசியது இந்தப் பையன்தான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த ஐயா, யார் அவன், விவசாயிகள் சங்கத்து ஆளா என்று கேட்டு ஆள் அனுப்பினார். பையன் அதற்குள் உட்கார்ந்துவிட்டான்.

இது மங்களாம்பிகைக்குப் புதுச் செய்தி. கத்தரிக்காய் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சூர்யபிரகாஷ் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சான்றிதழ்கள் வைத்த மஞ்சள் துணிப்பை. போன் சுவிட்ச் ஆஃப். நேர்காணலுக்குப் போகுமுன் போனை அணைத்துவிட வேண்டும் என்று கல்லூரிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். முந்தின நாள் வீட்டுக்குப் போகும் வரை அணைத்தேதான் வைத்திருந்தான். இன்றைக்கும் பஸ்ஸிலேயே அணைத்துவிட்டான். மங்களாம்பிகை முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. கேட் பட்டியல் அனுப்ப மறந்தது தான்தான் என்றார். அவனுக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பரவாயில்லை மேடம் என்று மூன்று தடவை சொன்னான்.

அவனை அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனார். குணசேகரன் செய்தித்தாளில் நெல் விலை பார்த்துக்கொண்டிருந்தார். மங்களாம்பிகை நின்றுகொண்டே சொன்னார். பையன் வந்தது, பட்டியல் போகாதது, அது போன இடம், டோக்கன், மூன்று மணி. செல்போனில் இருந்த மஞ்சள் சீட்டின் படத்தைக் காட்டினார். குணசேகரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் ஆலையின் முத்திரையை இவ்வளவு பெரிதாக அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் மேல அவனுக்காக உக்காந்திருக்கேன். அவன் கீழ எனக்காக உக்காந்திருக்கான்."

"ஆமா சார். தப்பு என்னுது."

குணசேகரன் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். இதற்குத்தான் என்னைக் கும்பகோணம் போகவிடாமல் செய்தீர்களா என்று கேட்டார். லத்தீஃபா அந்தக் கத்தரிக்காயையாவது ஒழுங்காக வாங்கிவந்தாரா என்றும் கேட்டார். பத்தொன்பது வருடத்தில் தப்பு இது ஒன்றுதான் என்று அவர் சொல்வார் என மங்களாம்பிகை எதிர்பார்த்திருந்தால், ஏமாந்திருப்பார். இனிமேல் பட்டியலைத் தானே பார்ப்பதாகக் குணசேகரன் சொன்னார். அது மங்களாம்பிகைக்கு உறைத்தது. எனினும் அவர் நகரவில்லை. இன்னொன்று பாக்கி இருந்தது.

"நேத்து ஜன்னல்ல பேசினானே, அவன்தான் சார் இவன்."

குணசேகரன் செய்தித்தாளை மடித்தார். "கூப்பிடுங்க."

ஜெய்னுலாபுதீனும் வந்து சேரப் பத்தரை ஆயிற்று. வேதியியல், ஓசூர் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு குணசேகரன் நேரே விஷயத்துக்கு வந்தார். சுற்றிலும் நெல் பையோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இது நேர்காணல் வரிசை இல்லையென்று ஐந்து மணி நேரமாகவா தோன்றவில்லை என்று கேட்டார்.

சூர்யபிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "லேப் வேலையாச்சே சார். ஆளாளுக்கு நெல் கொண்டாந்து பாத்துக் காட்டச் சொல்லுவாங்க போலன்னு நெனச்சேன். நான் கொண்டு வரலையேன்னு பயமா இருந்துச்சு. பக்கத்துல இருந்த அண்ணன்கிட்ட ஒரு கை நெல்லு கடன் வாங்கி வச்சிருந்தேன்."

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தான். முந்தின நாள் நெல். ஜெய்னுலாபுதீனின் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றார் அவர். ஒருமுறை கேட் காவலரிடம் கேட்டதாகவும், நம்பர் வந்தால் கூப்பிடுவார்கள் என்று அவர் சொன்னதாகவும் பையன் சொன்னான். கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு ராப்பகலாக உட்கார்ந்து பழகியவன். அங்கே இரண்டாவது தடவை கேட்டால் டோக்கன் பின்னால் போகும் என்பது அவனுக்குப் பாலபாடம்.

"அப்ப ஜன்னல்ல மட்டும் எதுக்குப் பேசின?" என்றார் குணசேகரன்.

"அவர் வெயில்ல காயப்போட்டு அப்படியே சுடச்சுட கொண்டாந்துட்டார் சார். மீட்டர் ஏசில இருக்கு. நெல்லு சூடா, மீட்டர் குளிர்ச்சியா இருந்தா எண் சரியா வராது. கொஞ்ச நேரம் நெழல்ல ஆறவிட்டு, பையில மேலயும் கீழயும் எடுத்துக் கலந்து, மூணு தடவ பாத்து சராசரி எடுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"ஆறவிட்டு பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பதினேழே கால்."

அதையும் எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, எடுக்கவில்லை, காலுக்காகத் திரும்பிப் போனார் என்றான். அதில் தவறில்லை, பதினேழு என்றால் பதினேழு என்றும் அவனே சேர்த்துக்கொண்டான்.

அவனைக் கீழே அனுப்பினார்கள். மணி பதினொன்றே கால். குணசேகரன் கைக்குட்டை நெல்லில் நாலைந்தை எடுத்துக் கடித்துப் பார்த்தார். மீட்டர் வாங்குவதற்கு முன்னால் அவர் அப்பா ஈரம் பார்த்த முறை அது. வேலை தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வாசலில் நிற்பவனுக்கு வழி சொல்லிக் கொடுக்கிற ஆளை எதற்கு உள்ளே வைப்பது, இப்போது ஒருவன் ஆறவிட்டான், நாளைக்கு அத்தனை பேரும் ஆறவிடச் சொல்வார்கள் என்றார். சித்தப்பா மகனுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் தெரியாது.

"வெளிய இருந்தாலும் சொல்லுவான் சார்," என்றார் மங்களாம்பிகை. "உள்ள இருந்தா நம்ம பேருல சொல்லுவான்."

குணசேகரன் ஜெய்னுலாபுதீனைப் பார்த்தார். மீட்டர் பத்தொன்பது காட்டியதை அப்படியே நம்பி வாங்காமல் விட்ட நெல் இந்தச் சீசனில் எத்தனை லாரி பக்கத்து மில்லுக்குப் போயிருக்கும் என்று ஜெய்னுலாபுதீன் மெதுவாகக் கேட்டார். குணசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார், சரி, திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார். பன்னிரண்டு அடிப்பதற்கு முன் மங்களாம்பிகை கீழே வந்து, திங்கட்கிழமை எட்டரைக்கு வரும்படியும், மூன்று மாதம் தகுதிகாண் பருவம் என்றும், ரெத்தினம் கிளம்பும் வரை அவரோடு இருந்து பழகிக்கொள்ளும்படியும் சூர்யபிரகாஷிடம் சொன்னார். அவன் அங்கேயே அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டு, போனை உயிர்ப்பிக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான்.

சித்தப்பாவுக்குப் போன் போகவில்லை. கேட் பட்டியலைத் தானே பார்ப்பதாகச் சொன்ன குணசேகரன் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மங்களாம்பிகையின் மேஜைக்கே அது திரும்பி வந்தது.

நேர்காணல் அழைப்பில் மட்டும் அவர் ஒரு வரி சேர்த்தார்: 'வாசலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், டோக்கன் வாங்க வேண்டாம், போனை அணைக்க வேண்டாம்.' எடைமேடைக்கு ஆள் எடுக்க அடுத்த வாரம் அதை ஐந்து பேருக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஒருவர் கூப்பிட்டார், வல்லம் பக்கத்துக்காரர், குரலில் கவலை.

"மேடம், டோக்கன் இல்லாம வந்தா உள்ள விடுவாங்களா? எதுக்கும் ஒண்ணு வாங்கி வச்சுக்கட்டுமா?"